30 சதவீதம் ஏற்கெனவே கையில் இருந்தால்: துணை நிறுவனமாக மாறும் நாளில் போட வேண்டிய கணக்கு

ஒரு நிறுவனத்தில் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறீர்கள். சில ஆண்டுகள் கழித்து இன்னும் கொஞ்சம் வாங்குகிறீர்கள், கட்டுப்பாடு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. பழைய விலையையும் புதிய விலையையும் கூட்டினால் முதலீட்டின் மொத்த விலை கிடைத்துவிடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒருங்கிணைந்த கணக்கில் அது செல்லாது. ஐஎஃப்ஆர்எஸ் 3 விதிப்படி, கட்டுப்பாடு வந்த அந்த நாளில் பழைய பங்கை அன்றைய நியாய மதிப்புக்கு விற்றுவிட்டு, அதே கணத்தில் முழு நிறுவனத்தையும் புதிதாக வாங்கியதுபோல் பாவிக்க வேண்டும். விற்றதாகப் பாவித்ததில் வரும் லாபமோ நட்டமோ கணக்கில் ஏறும்.

விதி இவ்வளவுதான். ஆனால் அதை எண்களாக மாற்றும்போது எங்கள் குழு மூன்று இடங்களில் தடுமாறி, ஆண்டுக் கணக்கை மூன்று வாரம் தாமதமாக முடித்தது. அந்த மூன்று இடங்களுக்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எண்கள் எல்லாம் லட்சத்தில். எங்கள் கணக்கின் வடிவம்தான், எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கதை இது: 30 சதவீதத்தை 240க்கு வாங்கினோம். கணிசமான செல்வாக்கு இருந்ததால் அது இணை நிறுவனம். பங்கு முறையில் கணக்கு வைத்தோம். சில ஆண்டுகளுக்குப் பின் மேலும் 45 சதவீதத்தை 720 ரொக்கத்துக்கு வாங்கி 75 சதவீதத்தை எட்டினோம். மீதி 25 சதவீதம் வெளியாரிடம் இருக்கிறது.

1. கட்டுப்பாடு வந்த நாளைப் பூட்டுங்கள்

எல்லா எண்களும் ஒரே ஒரு நாளைச் சுற்றியே நிற்கின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளையோ பணம் முழுதும் போன நாளையோ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது; நிறுவனத்தின் முக்கிய முடிவுகளை நீங்கள் எடுக்க முடிகிற நாள்தான் அது. எங்களுக்கு ஒப்பந்தம் ஜூன் 20, அரசு அனுமதி செப்டம்பர் 1, பங்கு மாற்றமும் இயக்குநர் நியமனமும் செப்டம்பர் 18, கடைசித் தவணை அக்டோபர் 5. இதில் எண்ண வேண்டியது செப்டம்பர் 18.

இந்த நாளுக்கான ஆதாரங்களை முதல் வாரத்திலேயே ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள்: பங்கு வாங்கும் ஒப்பந்தம், பங்குதாரர் உடன்படிக்கை, அனுமதிக் கடிதம், பங்குப் பதிவேட்டின் நகல், புதிய இயக்குநர்களை நியமித்த தீர்மானம். பங்குதாரர் உடன்படிக்கையை மட்டும் கடைசி வரி வரை படியுங்கள். வரவு செலவுத் திட்டத்துக்கோ தலைமை அதிகாரி நியமனத்துக்கோ சிறுபான்மையினரின் சம்மதம் கட்டாயம் என்று எழுதியிருந்தால், 75 சதவீதம் இருந்தும் கட்டுப்பாடு இல்லாமல் போகலாம். அப்படியானால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவைப்படாது.

வாங்கியது உண்மையில் ஒரு தொழில்தானா என்றும் பாருங்கள். ஒரு காலி மனையை மட்டும் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் அது சொத்து வாங்கியதாகவே கருதப்படும்; அங்கே இந்த விதி ஓடாது, குட்வில்லும் பிறக்காது.

2. பழைய பங்கின் ஏட்டு மதிப்பை அந்த நாள் வரை கொண்டுவாருங்கள்

முதல் தடுமாற்றம் இங்கேதான். எங்களிடம் இருந்த கடைசிக் கணக்கு ஜூன் 30 தேதியிட்டது. அதன்படி ஏட்டு மதிப்பு 302. அதையே எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டோம். ஜூலை 1 முதல் செப்டம்பர் 18 வரை அந்த நிறுவனம் இணை நிறுவனமாகவே இருந்தது; அந்தக் காலத்து லாபத்தில் எங்கள் பங்கு 8. அதைச் சேர்க்காமல் விட்டால் அந்த 8, மறுமதிப்பீட்டு லாபத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆண்டு லாபத்தின் கூட்டுத்தொகை மாறாது என்பதால் யாருக்கும் கண்ணில் படாது. ஆனால் குறிப்பில் வெளியிட வேண்டிய லாபத்தின் அளவு தவறிவிடும்.

சரிசெய்த பின் வந்த கணக்கு இது:

```
முதல் வாங்கிய விலை                      240
லாபத்தில் பங்கு (கடைசி 8 உட்பட)          + 75
பெற்ற டிவிடெண்ட்                        - 20
அந்நியச் செலாவணி மாற்ற ஒதுக்கில் பங்கு    + 10
நில மறுமதிப்பீட்டு ஒதுக்கில் பங்கு         +  5
செப்டம்பர் 18 அன்று ஏட்டு மதிப்பு         310
```

மாத நடுவில் கணக்கை முடிக்கச் சொன்னால் அந்த நிறுவனத்தின் கணக்காளர் உங்களைச் சபிப்பார். இடையில் பெரிய நிகழ்வு எதுவும் இல்லை, தொகையும் பெரிதாக மாறாது என்றால் மாத இறுதித் தேதியை வசதிக்காக எடுத்துக்கொள்ளலாம்; தணிக்கையாளர்கள் பொதுவாக ஏற்பார்கள். ஆனால் அதை வாங்குவதற்கு முன்பே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு வருவதற்கு முன் உங்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமைதான் உண்டு, கட்டளையிடும் உரிமை இல்லை. ஆகவே அந்த நாளைக்கான இடைக்கணக்கைத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் சேர்க்கவில்லை, ஒரு வாரம் அதற்கே போனது.

3. பழைய 30 சதவீதத்தின் நியாய மதிப்பு: இங்கே அவசரப்படாதீர்கள்

எல்லோரும் விழும் குழி இது. 45 சதவீதத்துக்கு 720 கொடுத்தோம், ஆகவே ஒரு சதவீதம் 16, ஆகவே 30 சதவீதம் 480. கணக்குப் பாடத்தில் இது சரி. எங்கள் முதல் வரைவில் 480 என்றே எழுதியிருந்தோம். தணிக்கையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த 720ல் கட்டுப்பாட்டுக்காகக் கூடுதலாகக் கொடுத்தது எவ்வளவு?"

புதிதாக வாங்கிய 45 சதவீதம்தான் எங்களுக்குக் கட்டுப்பாட்டைத் தந்தது. அதற்காக விற்பவர் அதிக விலை வாங்கியிருப்பார். பழைய 30 சதவீதம் அந்த நாளில் யாருக்கு விற்றாலும் கட்டுப்பாட்டைத் தராத பங்கு. அதை வாங்குபவர் எதிர்பார்க்கும் விலையைத்தான் நியாய மதிப்பு என்று ஐஎஃப்ஆர்எஸ் 13 கேட்கிறது. நாம் நாளைக்கு 75 சதவீதம் வைத்திருப்போம் என்பது அந்த 30ஐத் தனியாக வாங்குபவருக்குப் பொருட்டல்ல.

மதிப்பீட்டாளர் இரண்டு வழிகளில் பார்த்தார். எதிர்காலப் பணவரவைத் தள்ளுபடி செய்து முழு நிறுவனத்தின் மதிப்பைக் கண்டு, அதில் கட்டுப்பாட்டால் மட்டும் கிடைக்கும் பலன்களை விலக்கினார். பிறகு அதே துறையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் விலை விகிதங்களோடு ஒப்பிட்டார். பங்குச் சந்தை விலை என்பதே கட்டுப்பாடற்ற சிறு பங்கின் விலை என்பதால் அங்கே கழிக்க எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்து வந்தது 420, அதாவது சதவீதத்துக்கு 14.

480க்கும் 420க்கும் உள்ள 60 வெறும் வாதம் இல்லை. 480 என்று போட்டால் இந்த ஆண்டு லாபம் 60 கூடும், குட்வில்லும் அதே 60 கூடும். குட்வில் தேய்மானம் ஆகாது, ஆண்டுதோறும் மதிப்புக் குறைவுச் சோதனைக்கு மட்டும் போகும். இன்றைக்கு ஊதிப் போட்ட 60ஐ என்றோ ஒருநாள் நட்டமாக வெட்ட வேண்டியிருக்கும். அப்போது யாரும் காரணத்தை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால் வேலை எளிது: அன்றைய சந்தை விலை பெருக்கல் பங்கு எண்ணிக்கை. அதற்குமேல் கட்டுப்பாட்டு விலையைக் கூட்டவும் கூடாது, மொத்தமாக விற்றால் விலை இறங்கும் என்று கழிக்கவும் கூடாது.

செலவு பற்றி ஒன்று. பழைய பங்கின் மதிப்பு, வெளியார் பங்கின் மதிப்பு, வாங்கிய சொத்துகளின் மதிப்பு ஆகிய மூன்றையும் ஒரே மதிப்பீட்டாளரிடம் ஒரே வேலையாகக் கொடுங்கள். நாங்கள் முதலில் சொத்துகளுக்கு மட்டும் ஆள் பிடித்தோம். பிறகு மற்ற இரண்டுக்கும் தனியாகக் கேட்டபோது, அதே பணவரவு மாதிரிக்கு இன்னொரு கட்டணம் கேட்டார்கள். கணிப்புகளுக்கு அவருக்குக் கொடுக்கும் ஆவணங்கள் இயக்குநர் குழு இந்த வாங்கலுக்கு ஒப்புதல் தந்தபோது பார்த்த அதே கணிப்புகளாக இருக்கட்டும். குழுவுக்கு ஒரு கணிப்பு, மதிப்பீட்டாளருக்கு வேறொரு கணிப்பு என்றால் தணிக்கையாளர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

4. லாபத்தைக் கணக்கிட்டு, அது எங்கே போக வேண்டும் என்று பாருங்கள்

நியாய மதிப்பு 420, ஏட்டு மதிப்பு 310. லாபம் 110. இது லாப நட்டக் கணக்குக்குப் போகும். கூடவே, விற்றுவிட்டதாகப் பாவிக்கிறோம் அல்லவா, ஆகவே பிற முழுமை வருமானத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த தொகைகளுக்கும் வழி சொல்ல வேண்டும். உண்மையில் விற்றிருந்தால் என்ன செய்திருப்போமோ அதையே செய்ய வேண்டும். அந்நியச் செலாவணி மாற்ற ஒதுக்கில் இருந்த 10 லாப நட்டக் கணக்குக்கு மாறும். நில மறுமதிப்பீட்டில் வந்த 5 அப்படி மாறாது. நேராக நிறுத்திய லாபத்துக்குப் போகும். இரண்டையும் ஒரே பையில் போட்டு 15ஐயும் லாபம் என்று காட்டியது எங்கள் இரண்டாவது தடுமாற்றம்.

ஆக, லாப நட்டக் கணக்கில் ஏறுவது 120. இதில் ஒரு பைசாகூட ரொக்கமாக வரவில்லை. பணப்புழக்க அறிக்கையில் லாபத்திலிருந்து இதைக் கழித்துவிடுங்கள். இதற்கு வரி உண்டா என்பதை அந்த நாட்டு வரிச் சட்டம்தான் சொல்லும். ஆனால் தனி நிறுவனக் கணக்கில் விற்பனையே நடக்கவில்லை என்பதை வரி ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய பங்கு இணை நிறுவனமாக இல்லாமல் 10 சதவீதம் போன்ற சிறு முதலீடாக இருந்து, ஐஎஃப்ஆர்எஸ் 9 கீழ் அதன் மதிப்பு மாற்றங்களைப் பிற முழுமை வருமானத்தில் காட்டத் தேர்ந்தெடுத்திருந்தால் கதையே வேறு. கடைசி நாள் மறுமதிப்பீடும் பிற முழுமை வருமானத்திலேயே நிற்கும்; சேர்ந்த தொகை என்றைக்கும் லாப நட்டக் கணக்குக்கு வராது. தலைமைக்கு "இந்த ஆண்டு பெரிய லாபம் வரும்" என்று வாக்குக் கொடுக்கும் முன் உங்கள் பழைய தேர்வு எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. வாங்கிய சொத்துகளையும் கடன்களையும் மதிப்பிடுங்கள்

அந்த நிறுவனத்தின் ஏட்டில் நிகரச் சொத்து 775. கட்டடம் 100 கூடுதல் மதிப்புப் பெற்றது. வாடிக்கையாளர் உறவு என்ற, அவர்கள் ஏட்டிலேயே இல்லாத சொத்து 200. ஆக 300 கூடியது. 25 சதவீத வரி விகிதத்தில் ஒத்திவைக்கப்பட்ட வரிக் கடன் 75. நிகரம் 1000.

இந்த 75ஐ மறப்பவர்கள் அதிகம். மறந்தால் குட்வில் 75 குறைந்து நிற்கும். குட்வில்லுக்கு மட்டும் ஒத்திவைக்கப்பட்ட வரி போடக் கூடாது. அந்த நிறுவனம் முன்பு எதையோ வாங்கித் தன் ஏட்டில் ஒரு குட்வில் வைத்திருந்தால் அதையும் நீக்கிவிட்டுத்தான் 775 என்ற எண்ணுக்கு வர வேண்டும். அதுபோல, 30 சதவீதம் வாங்கியபோது உங்கள் 240க்குள் ஒரு மறைமுகக் குட்வில் இருந்திருக்கும். அது இப்போது 310ஓடு சேர்ந்து கரைந்துபோகிறது. அதை எடுத்துப் புதிய குட்வில்லில் சேர்க்க ஆசைப்படாதீர்கள்.

முழு 1000ஐயும் எடுங்கள். 75 சதவீதம்தானே வாங்கினோம் என்று 750 போடக் கூடாது. பழைய 30க்கு பழைய மதிப்பு, புதிய 45க்குப் புதிய மதிப்பு என்று பிரிக்கவும் கூடாது.

6. குட்வில்லும் உள்ளீடும்

வெளியாரின் 25 சதவீதத்தை இரண்டு வகையில் அளக்கலாம், ஒவ்வொரு வாங்கலுக்கும் தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். நியாய மதிப்பு என்றால் 350 (இதுவும் கட்டுப்பாடற்ற பங்கு என்பதால் அதே 14). நிகரச் சொத்தில் பங்கு என்றால் 250.

```
                         நியாய மதிப்பு   நிகரச் சொத்தில் பங்கு
புதிதாகக் கொடுத்த பணம்         720              720
பழைய 30% (நியாய மதிப்பு)      420              420
வெளியார் 25%                  350              250
கூட்டல்                      1490             1390
கழிக்க: நிகரச் சொத்து         1000             1000
குட்வில்                      490              390
```

நாங்கள் முதல் வழியை எடுத்தோம். இரண்டாவது வழியில் குட்வில் 100 குறைவாகத் தொடங்கும். வெட்ட வேண்டிய நாள் வந்தால் வலியும் குறைவு. பங்குகளைப் பின்னால் வாங்கும் எண்ணம் இருந்தால் படி 8ஐப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒருங்கிணைப்பில் போடும் உள்ளீடு:

```
பற்று   நிகரச் சொத்துகள்              1000
பற்று   குட்வில்                       490
   வரவு   ரொக்கம்                           720
   வரவு   வெளியார் பங்கு                     350
   வரவு   இணை நிறுவன முதலீடு                310
   வரவு   மறுமதிப்பீட்டு லாபம்               110

பற்று   செலாவணி மாற்ற ஒதுக்கு          10
   வரவு   லாப நட்டக் கணக்கு                  10

பற்று   மறுமதிப்பீட்டு ஒதுக்கு            5
   வரவு   நிறுத்திய லாபம்                     5
```

வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், ஆய்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 18. அதை 720ஓடு சேர்க்க முடியாது. அந்த ஆண்டின் செலவு.

ஒரு சோதனை சொல்கிறேன், எங்களைக் காப்பாற்றியது இதுதான். பழைய பங்கின் மூல விலை 240, இப்போதைய நியாய மதிப்பு 420, வித்தியாசம் 180. எல்லா உள்ளீடுகளும் முடிந்த பின், குழுமத்தின் நிறுத்திய லாபத்தில் இந்த முதலீட்டால் வந்தது 55 (லாபப் பங்கு கழித்தல் டிவிடெண்ட்), 110, 10, 5. கூட்டினால் 180. ஒதுக்குகளில் மீதி பூஜ்யம். இது ஒத்துப்போகாவிட்டால், நாளோ ஒதுக்கோ எங்கோ தவறியிருக்கிறது.

தனி நிறுவனக் கணக்கைத் தொடாதீர்கள். முதலீட்டை விலையில் வைத்திருந்தால் அங்கே 240ம் 720ம் சேர்ந்து 960 என்றே நிற்கும். 110 அங்கே கிடையாது. ஒருங்கிணைப்பின்போது 960ஐ நீக்குகையில் இந்த 180ஐ மீண்டும் கட்ட வேண்டும், ஒவ்வொரு ஆண்டும். அதற்கான தாளைத் தனியாக, நிரந்தரக் கோப்பில் வையுங்கள்.

7. காலக்கெடுவும் வெளியீடும்

ஆண்டுக் கணக்கு முடியும்போது மதிப்பீடு முடியாவிட்டால் தற்காலிக எண்களைப் போடலாம். திருத்த, வாங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் 12 மாதம். தேவையான தகவல் எட்டாவது மாதம் கிடைத்துவிட்டால் கெடு அன்றோடு முடிகிறது. பழைய பங்கின் நியாய மதிப்பும் இந்தத் திருத்தத்துக்குள் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அந்த நாளில் இருந்த நிலைமையைப் பற்றிப் பின்னால் தெரிய வந்த தகவல் மட்டுமே செல்லும். டிசம்பரில் ஒரு பெரிய வாடிக்கையாளர் விலகினார் என்றால், செப்டம்பர் மதிப்பை அது தானாகக் குறைக்காது. திருத்தும்போது முந்தைய ஆண்டு எண்களையும் மாற்றி அச்சிட வேண்டும், 110 உட்பட.

எங்கள் மூன்றாவது தடுமாற்றம் இங்கே: நிறுவனத்தை வாங்கிய பிறகுதான் மதிப்பீட்டாளரைத் தேடினோம். ஒப்பந்தம் கையெழுத்தான நாளே நியமியுங்கள். எங்களுக்கு முதல் வரைவு வர ஏழு வாரமும், தணிக்கையாளரின் மதிப்பீட்டுப் பிரிவு கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மேலும் நான்கு வாரமும் ஆனது.

குறிப்பில் தனியாகக் காட்ட வேண்டியவை: பழைய பங்கின் நியாய மதிப்பு 420, மறுமதிப்பீட்டு லாபம் 110, அது லாப நட்டக் கணக்கில் எந்த வரியில் இருக்கிறது, செலவழித்த 18 எந்த வரியில் இருக்கிறது. வாங்கிய பின் அந்த நிறுவனம் ஈட்டிய வருவாயும் லாபமும் கேட்கப்படும். ஆண்டின் முதல் நாளே வாங்கியிருந்தால் எவ்வளவு என்றும் கேட்கப்படும். செப்டம்பர் 18ல் கணக்கை வெட்டியிருந்தால் இவை எளிது.

8. அடுத்த முறை வாங்கும்போது இதையெல்லாம் செய்யாதீர்கள்

மறுமதிப்பீடு ஒரே ஒருமுறை, கட்டுப்பாடு வரும் நாளில் மட்டும். அதன் பின் வெளியாரிடம் 5 சதவீதம் வாங்கினால் அது பங்குதாரர்களுக்கு இடையேயான கொடுக்கல் வாங்கல். லாபம் இல்லை, குட்வில் மாறாது. வெளியாரின் 25 சதவீதம் ஏட்டில் இன்னும் 350 என்றே இருந்தால், அந்த 5 சதவீதத்தின் ஏட்டு மதிப்பு 70. அதற்கு 85 கொடுத்தால், மிஞ்சும் 15 தாய் நிறுவனப் பங்குதாரர்களின் மூலதனத்திலிருந்து நேராகக் குறையும். வெளியாரை 250 என்று அளந்திருந்தால் ஏட்டு மதிப்பு 50 மட்டுமே; குறைவது 35.